விகிதத்தை மீட்டெடுப்பதில் வரும் லாபம் எங்கிருந்து வருகிறது?

முதலீட்டு ஆலோசனைக்கு வருபவர்களிடம், பங்கும் ரொக்கமும் பாதிக்குப் பாதி என்று வகுத்த விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை சரிசெய்யுங்கள் என்று சொன்னால், ஏறுகிற பங்கை ஏன் விற்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தகவலியல் மேதை கிளாட் ஷானன் காட்டிய ஒரு கணக்கே விடை.

ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. ரொக்கத்துக்கு வட்டி இல்லை. ஒரு லட்சம் ரூபாயில் 50,000 பங்கிலும் 50,000 ரொக்கத்திலும் இருக்கிறது. முதல் ஆண்டு பங்கு இரட்டிப்பானால் மொத்தம் 1,50,000. இப்போது 25,000 ரூபாய்ப் பங்கை விற்று இரு பக்கமும் 75,000 ஆக்குகிறோம். மறு ஆண்டு பங்கு பாதியானால் 37,500, ரொக்கம் 75,000, ஆகக் கூடி 1,12,500. எதையும் தொடாமல் இருந்தவரிடம் அதே ஒரு லட்சம்தான் இருக்கும். முதலில் இறங்கிப் பிறகு ஏறினாலும் இதே 1,12,500 கிடைக்கும். பங்கின் விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆனால் முதல் வரிசையில் உயர்ந்த விலையில் கொஞ்சம் விற்றோம், இரண்டாவதில் தாழ்ந்த விலையில் கொஞ்சம் வாங்கினோம். லாபம் முழுவதும் அந்தக் கொஞ்சத்தில் இருக்கிறது.

இத்தோடு நிறுத்திவிடும் விளக்கங்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. இரண்டு ஆண்டும் ஏறினால் சரிசெய்தவரிடம் 2,25,000, சும்மா இருந்தவரிடம் 2,50,000. இரண்டு ஆண்டும் இறங்கினால் முறையே 56,250, 62,500. நான்கு வழிகளின் சராசரியை எடுத்தால் சும்மா இருந்தவரே 1,28,125 என்று முந்துகிறார், மற்றவருக்கு 1,26,563தான். அதாவது, விலை ஊசலாடித் திரும்பும் வழிகளில் சிறிது கூடுதலாகப் பெறுவதற்கு ஈடாக, ஒரே திசையில் ஓடும் வழிகளில் கிடைக்கக்கூடியதை விட்டுக்கொடுக்கிறோம். பல ஆண்டுகள் நீளும்போது ஊசலாட்டங்களே அதிகம் என்பதால், விளைவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் முதலீட்டாளருக்கு இது சாதகம்; பங்கு தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் காலத்தில் பாதகம்.

நிஜச் சந்தையில் அளவும் சிறியது. ஆண்டு ஏற்ற இறக்கம் சுமார் 20 சதவீதம் உள்ள பங்கு ஃபண்டைப் பாதி வைத்தால், இந்த வழியில் சேர்வது ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம். சூத்திரத்தில் மாறாத அரை, பங்கின் பாதி, ரொக்கத்தின் பாதி, ஏற்ற இறக்கத்தின் வர்க்கம் என்ற வரிசையில் கணக்கு இதுதான்:

```
0.5 × 0.5 × 0.5 × 0.20 × 0.20 = 0.005
```

இதை வரி எளிதில் விழுங்கிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்குப் பின் விற்றால், ஆண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். ஆகவே மாதாந்திர எஸ்ஐபி போடுபவர்களிடம், எதையும் விற்காமல், புதிதாகப் போடும் பணத்தைக் குறைந்துபோன பக்கத்துக்குத் திருப்பச் சொல்கிறேன். அது போதாமல், விகிதம் ஐந்து புள்ளிகளுக்கு மேல் விலகிப் போனால் மட்டும் விற்கலாம்.