22 நாள் ஆனால் வாடிக்கையாளர் போய்விட்டாரா? மாட்டுத்தீவனக் கடைகளுக்கு ஒரு கணக்கு

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர்களில் பலர் இப்போது கணினியில்தான் பில் போடுகிறார்கள். அந்த பில்களைக் கொண்டு வாடிக்கையாளரை மூன்றாகப் பிரிக்கலாம்: நடப்பில் இருப்பவர், நழுவுகிறவர், போய்விட்டவர். எல்லோரும் பார்ப்பது கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதைத்தான். 30 நாள் வரை நடப்பு, 30 முதல் 60 வரை நழுவல், அதற்கு மேல் போனவர் என்று ஒரே கோடு போட்டுவிடுகிறார்கள். தீவனக் கடைக்கு இந்தக் கோடு பொருந்தாது.

நாளுக்கு ஆறு லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஏறத்தாழ நாலு கிலோ அடர்தீவனம் வேண்டும். உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் லிட்டருக்கு 400 கிராம் என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ மூட்டை ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரும். இரண்டு மாடு இருந்தால் ஆறு நாளில் தீரும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் கடைசியாக ஜூலை 4 அன்று வாங்கினார்கள். இன்று ஜூலை 26, இருவருக்கும் 22 நாள். முதலாமவர் இரண்டு மாட்டுக்காரர், போகும்போது நாலு மூட்டை எடுத்துப்போனார். அது 25 நாளுக்கு வரும். அவர் வீட்டில் இன்னும் அரை மூட்டை இருக்கும், அவரை அழைக்க வேண்டியதே இல்லை. இரண்டாமவருக்கு ஒரு மாடு, ஒரு மூட்டைதான் எடுத்தார். அவருக்குத் தீவனம் தீர்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. மாட்டைப் பட்டினி போட்டிருக்க மாட்டார். வேறு கடையிலோ பால் சங்கத்திலோ வாங்கியிருப்பார், இல்லையென்றால் புண்ணாக்கும் தவிடுமாகச் சமாளிக்கிறார். 30 நாள் கோட்டில் இருவரும் நடப்பு என்றே காட்டும். இரண்டாமவர் 'நழுவல்' பட்டியலுக்கு வரும்போது மற்ற கடையில் பற்றுக் கணக்கே தொடங்கியிருப்பார்.

ஆகவே பார்க்க வேண்டியது, போன தடவை வாங்கியது எத்தனை நாளுக்கு வரும், அதைத் தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பது. யார் வீட்டில் எத்தனை மாடு என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை, பில்லே சொல்லிவிடும். இரண்டாமவர் வாங்கிய நாட்கள்: மே 2, 14, 27, ஜூன் 9, 21, ஜூலை 4. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 63 நாள். கடைசி மூட்டையை விட்டுவிட்டால் ஐந்து மூட்டை. 63-ஐ 5-ஆல் வகுத்தால் மூட்டைக்கு 12.6 நாள். கடைசி மூட்டையை ஏன் விட வேண்டும் என்றால், அந்த 63 நாளில் மாடு அதைத் தின்னவில்லை. அதையும் சேர்த்து 6-ஆல் வகுத்தால் 10.5 என்று வரும், ஒழுங்காக வரும் ஆளுக்கும் தீவனம் முன்னதாகவே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

எக்ஸெல் தாளில் A-யில் வாடிக்கையாளர் எண், B-யில் கடைசியாக வாங்கியதிலிருந்து ஆன நாள், C-யில் மூட்டைக்கு எத்தனை நாள், D-யில் கடைசியாக எடுத்த மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்கள் Bills என்ற தாளில், A-யில் வாடிக்கையாளர் எண், B-யில் தேதி என்று இருந்தால், B-க்கும் நிலைக்கும் சூத்திரம் இது:

```
=TODAY()-MAXIFS(Bills!B:B,Bills!A:A,A2)
=IF(B2-C2*D2>90,"போனவர்",IF(B2>1.5*C2*D2,"நழுவுபவர்","நடப்பு"))
```

ஒன்றரை மடங்கு ஏன்? பால் பணம் வர இரண்டு நாள் தள்ளிப்போகும், மழை பெய்து வரப்பில் புல் கிடந்தால் தீவனத்தைக் குறைப்பார்கள். இதெல்லாம் வழக்கம். உங்கள் கடைக்கு இது சரியா என்று பழைய பில்லை வைத்தே பார்க்கலாம். திரும்பி வந்தவர்களின் ஒவ்வொரு இடைவெளியையும், அந்தத் தீவனம் வந்திருக்க வேண்டிய நாளால் வகுத்து வரிசைப்படுத்துங்கள். பத்தில் ஒன்பது 1.5-க்குள் அடங்கினால் கோடு சரி. 1.3-க்குள்ளேயே அடங்கினால் 1.3 என்று வையுங்கள்.

தீர்ந்த பிறகு 90 நாள் என்பதற்கு மாட்டிலேயே காரணம் இருக்கிறது. சினை மாட்டைக் கன்று போடுவதற்கு முன் ஏறத்தாழ 60 நாள் கறவையை வற்ற விடுவார்கள். பாலில்லாத அந்தக் காலத்தில் தீவனம் வாங்குவதைப் பலர் வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். 60-லேயே கோடு போட்டால் கன்று போட்டதும் திரும்பி வரப்போகிறவர் போனவராகிவிடுவார். இதையும் சோதிக்கலாம். ஒரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியை எடுத்து, அன்றைக்குத் தீவனம் தீர்ந்து 90 நாளுக்கு மேல் வராதிருந்தவர்களைப் பட்டியலிடுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். பத்தில் ஒருவர்கூட வரவில்லையென்றால் 90 போதும். மூன்று நாலு பேர் வந்திருந்தால் 120-க்குத் தள்ளுங்கள்.

கணக்கைவிட அதிகமாகக் கெடுவது தேதி. பில் மென்பொருளில் நாள்-மாதம் என்று இருப்பது, மாதம்-நாள் அமைப்பிலுள்ள கணினியில் திறக்கும்போது, 05/08 என்பது ஆகஸ்ட் 5-க்குப் பதில் மே 8 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 12-க்கு மேற்பட்ட நாட்கள் மாற முடியாமல் எழுத்தாகவே நிற்கும். தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஒருவருடைய தேதிகள் எல்லாமே எழுத்தாக நின்றால் MAXIFS பூஜ்யம் தரும், B-யில் 45,000-க்கு மேல் நாள் காட்டும். அது கண்ணில் பட்டுவிடும். மே 8 ஆக மாறியதுதான் கண்ணில் படாது.

அடுத்தது, பற்று கட்ட வந்ததை வாங்கியதாக எடுத்துக்கொள்வது. பழைய பாக்கிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு மூட்டை எடுக்காமல் போகிறவர், நழுவுகிறார் என்பதற்கு நல்ல அடையாளமே. ஆனால் வரவுச் சீட்டும் தாளில் கலந்திருந்தால் அவர் நேற்று வாங்கியதாகக் காட்டும். விற்பனை பில்லை மட்டும் எடுங்கள், திருப்பிக் கொடுத்த மூட்டையையும் கழியுங்கள்.

எல்லையோரக் கடைகளில் ஒரே ஆள் இரண்டு பேராக இருப்பதும் உண்டு. இங்கே வரும்போது ஒரு போன் நம்பர், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும்போது இன்னொரு நம்பர். ஒரு பில்லில் பெயர் தமிழில், இன்னொன்றில் மலையாளத்தில். அப்பா பெயரில் பாதி, மகன் பெயரில் மீதி. இவர்களைச் சேர்க்காமல் பிரித்தால் ஒரு எண் போனவர் என்றும் மற்றது நடப்பு என்றும் காட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு எண் என்று வைத்து, நம்பர்களை அதன்கீழ் எழுதுங்கள்.

ஒரே பில் உள்ளவருக்கு C-யில் எண் வராது. அவரைப் புதியவர் என்று தனியாக வையுங்கள்.

பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். நழுவுபவர்களை மட்டும் அழையுங்கள், அதுவும் பற்றுப் பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாக்கி இல்லாதவரிடம் "தீவனம் தீர்ந்திருக்குமுங்களேண்ணா, வண்டில ஒரு மூட்டை போட்டு விடட்டுங்களா?" என்று கேட்டால் போதும். பாக்கி ஏறிப்போனவர் அதற்குக் கூச்சப்பட்டே வராமல் இருப்பார். அவரிடம் தீவனப் பேச்சை எடுக்கும் முன், பாக்கியை எத்தனை தவணையில் கட்டலாம் என்று பேசி முடியுங்கள்.