மத்திய வங்கிகளின் தங்கக் கணக்கை எடையில் படிப்பது எப்படி?

2024 மார்ச் இறுதியில் இந்திய ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் தங்கத்தின் பங்கு, மதிப்பின் அடிப்படையில், சுமார் 8 சதவீதமாக இருந்தது. அடுத்த மார்ச்சில் அது 11.7 சதவீதமாக உயர்ந்தது. இதை மட்டும் பார்ப்பவர், வங்கி ஒரே ஆண்டில் ஏராளமான தங்கத்தை வாங்கிக் குவித்துவிட்டது என்றே எண்ணுவார். ஆனால் எடைக் கணக்கின்படி, 822 டன்னாக இருந்த கையிருப்பு ஏறத்தாழ 880 டன்னாகத்தான் ஆகியிருந்தது. எடை 7 சதவீதமே கூடிய நிலையில் பங்கு இவ்வளவு உயர்ந்ததற்கு முதன்மைக் காரணம், அந்த ஓராண்டில் தங்கத்தின் விலை ஏறியதே. ஆகவே தேவையின் போக்கை அறிய விரும்புபவர் டாலர் மதிப்பையும் சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டு டன் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

டன் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிய நாளும் அறிவித்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2009 ஏப்ரலில் சீனா தன் கையிருப்பை 1,054 டன் என்று அறிவித்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு அந்த எண் அசையவே இல்லை. 2015 ஜூன் மாதக் கணக்கில் அது திடீரென 1,658 டன்னாயிற்று. அதை அப்படியே வரைபடத்தில் குறித்தால், ஆறு ஆண்டுகள் தேவையே இல்லாதது போலவும், பின்னர் ஒரே மாதத்தில் 604 டன் வாங்கியது போலவும் தோன்றும். அந்த 604 டன்னை இடைப்பட்ட காலத்தில் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 டன் வருகிறது. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதை இந்தச் சராசரி சொல்லாது. ஆயினும் நீண்டகாலப் போக்கைக் காண இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

நாடுகள் பன்னாட்டு நாணய நிதியத்துக்குத் தரும் கணக்கு தாமதமாகவும் முழுமையின்றியும் வருவதால், உலகத் தங்கக் கவுன்சில் தன் காலாண்டு அறிக்கையில் அறிவிக்கப்படாத கொள்முதலுக்கும் ஒரு மதிப்பீட்டைச் சேர்க்கிறது. அந்தக் கணக்கின்படி 2010 முதல் 2021 வரை மத்திய வங்கிகளின் நிகரக் கொள்முதல் சராசரியாக ஆண்டுக்கு 473 டன். 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது 1,000 டன்னைத் தாண்டியது. விலை ஏறியும் எடை குறையவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நகை வாங்குவோர் விலை ஏறும்போது குறைந்த எடையில் வாங்குவார்கள். மத்திய வங்கிகளின் தேவையோ வேறு காரணத்தால் இயங்குகிறது. 2022இல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பில் ஏறக்குறைய 300 பில்லியன் டாலர் முடக்கப்பட்டதைப் பல நாடுகள் கண்டன. தன் பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தை இன்னொரு நாடு அவ்வாறு முடக்க முடியாது.

இதன் தடம் இந்தியக் கணக்கிலும் தெரிகிறது. 2024 மார்ச்சில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 408 டன் உள்நாட்டில் இருந்தது. ஓராண்டில் அது 512 டன்னாயிற்று. கூடிய 104 டன்னில் புதிய கொள்முதல் 58 டன்னுக்கு மேல் இருக்க வழியில்லை. எஞ்சியது வெளிநாட்டுப் பெட்டகங்களிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது.