சரக்கு தீர்ந்தது, பத்து ரூபாய் தீரவில்லை

மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு பொருளின் இருப்பு பூஜ்யம். ஆனால் ஸ்டாக் ரிப்போர்ட்டில் அதன் மதிப்பு 10 ரூபாய் என்று நிற்கிறது. இல்லாத சரக்குக்கு எப்படி விலை வந்தது?"

அவர் வாங்கியது 3,000 டப்பா, விலை 1,00,000 ரூபாய். ஒரு டப்பாவின் அடக்கவிலை 33.3333 என்று முடிவில்லாமல் போகும். மென்பொருள் அதை 33.33 என்று சுற்றிப் பதிந்துகொண்டது. டப்பாவுக்கு மூன்றில் ஒரு பைசா விடுபட்டுப்போக, எல்லாம் விற்றபோது கணக்கிலிருந்து கழிந்தது 99,990 ரூபாய்தான். நான்கு தசம இடம் வைத்திருந்தால் 10 பைசா மிஞ்சியிருக்கும். எத்தனை இடம் கூட்டினாலும் மிச்சம் சிறுக்குமே தவிர ஒழியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். விலையை ஒருமுறை வகுத்து வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் மிச்ச மதிப்பை மிச்ச எண்ணிக்கையால் வகுப்பது. 100 ரூபாய்க்கு மூன்று டப்பா என்று வையுங்கள். முதல் டப்பாவுக்கு 33.33 போகிறது. மிச்சம் 66.67, இரண்டு டப்பா; பாதி 33.335, அதாவது 33.34. கடைசி டப்பாவுக்கு இருப்பதே 33.33. மிச்சத்தை ஒன்றால் வகுக்கையில் சுற்ற வேண்டியதே இல்லை, அதனால் மொத்தமும் போய்விடுகிறது. முன்னால் விட்ட பிழையைப் பின்னால் வருபவர் சுமந்து தீர்க்கிறார்.

எடை போட்டு விற்கும் பொருளில் தொல்லை வேறு விதம். 0.3 கிலோ ஏலக்காயில் 100 கிராம் வீதம் மூன்று முறை விற்றால் மிச்சம் பூஜ்யம்தானே? பைத்தானில் போட்டுப் பாருங்கள்:

```
>>> 0.3 - 0.1 - 0.1 - 0.1
-2.7755575615628914e-17
```

பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால், நமக்கு மூன்றில் ஒன்று போல, முடிவே வராது. திரையில் 0.000 தெரியும், உள்ளே இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே. "நெகட்டிவ் ஸ்டாக்" என்று எச்சரிக்கை வந்து, கடைக்காரர் கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று யோசிப்பார். 300 கிராம் என்று முழு எண்ணாக வைத்திருந்தால் போதும்.

சரி, மிஞ்சியதை "ரவுண்ட் ஆஃப்" கணக்கில் தள்ளிவிடலாமா? தள்ளலாம், ஆனால் முதலில் அளந்து பாருங்கள். இரண்டு தசமத்துக்குச் சுற்றிய விலையில் பிழை அதிகபட்சம் அரைப் பைசா. 3,000 டப்பாவுக்கு 15 ரூபாய். வாசகரின் 10 ரூபாய் அதற்குள் அடங்குகிறது. அதுவே 40 ரூபாயாக இருந்திருந்தால் தசமத்தை விட்டுவிட்டு, எந்தப் பில்லைத் தப்பாக அடித்தோம் என்று தேட வேண்டியதுதான்.