Settled என்று வந்தபிறகு பார்க்க வேண்டிய கடிதம்

மருத்துவமனைக்குத் தாங்களே பணம் கட்டிவிட்டு, மருத்துவக் காப்பீட்டில் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளைம் போட்டவர்கள், இணையதளத்தில் Settled என்று பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். நிறுவனம் தன் பக்கம் கணக்கை முடித்துவிட்டது, அவ்வளவுதான். கணக்கு எண்ணோ ஐ.எஃப்.எஸ்.சி.யோ தவறாக இருந்தால் அனுப்பிய பணம் திரும்பிக்கூடப் போயிருக்கலாம். அதனால் கிளைம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் இருக்கும் யூ.டி.ஆர். எண்ணை, அதாவது வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, பாஸ்புக் வரியோடு ஒப்பிடுங்கள். அந்த வரியில் பெரும்பாலும் கிளைம் எண் இருக்காது.

காப்பீட்டு ஆலோசகராக நான் பார்த்த ஒரு கிளைம். பித்தப்பை அறுவை சிகிச்சை, பில் 95,600 ரூபாய். வங்கிக்கு வந்தது 77,500. கடிதத்திலும் அதே தொகை. "சரியாத்தானே சார் இருக்கு?" என்றார் வாடிக்கையாளர். தொகை சரிதான், பிடித்தம் சரியா என்பது வேறு கேள்வி.

18,100 ரூபாய் பிடித்திருந்தார்கள். அதில் 2,600 டயப்பர், நகல் எடுத்த செலவு, விவரம் இல்லாத ஒரு 'கிட்' ஆகியவற்றுக்கு. மூன்றுமே வழங்கத் தகாத பொருட்களின் பட்டியலில் உள்ளவை. கிட்டுக்குள் என்ன இருந்தது என்று மருத்துவமனையிடம் பிரித்து எழுதி வாங்கினால் அதை மட்டும் மறுபடி கேட்டுப் பார்க்கலாம். மற்றதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை.

பெரிய தொகை அறை வாடகையில் இருந்தது. பாலிசியில் நாளுக்கு 5,000 வரம்பு. அவர் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தார். 4,000 போனது நியாயம். அதோடு 'விகிதாசாரப் பிடித்தம்' என்று 11,500. வரம்பைத் தாண்டியது ஆறில் ஒரு பங்கு என்பதால் மற்ற செலவிலும் ஆறில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். 11,500-ஐ ஆறால் பெருக்கினால் 69,000. ஆனால் மருத்துவர், அறுவை அரங்கு, நர்சிங் கட்டணங்கள் சேர்ந்து 42,000தான். மீதி 27,000 எங்கிருந்து வந்தது? பில்லில் மருந்தும் பரிசோதனைகளும் சரியாக 27,000.

மருந்து, நுகர்பொருள், பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதத்தைப் போடக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே சொல்லிவிட்டது. அறைக்கு ஏற்ப மற்ற கட்டணங்கள் மாறாத மருத்துவமனை என்றால் இந்தப் பிடித்தமே செல்லாது. (இந்த விதி பல முகவர்களுக்கே தெரியாது.)

ஆகவே 4,500 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். கடித நகலோடு இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். 4,500 தனியாக, வேறு யூ.டி.ஆர். எண்ணோடு வந்தது. வராமல் போயிருந்தால் அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசா, அதற்கும் மேல் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். அங்கே போக நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு.