கறிவேப்பிலைப் புழு எந்தப் பட்டாம்பூச்சி?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் கொல்லைக் கறிவேப்பிலை மரத்தில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைத் தட்டிவிடப் போனார். "அக்கா, அது புழு, விடுங்க" என்று ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுக் காட்டினேன். தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவப்புக் கொம்பு நீண்டது, ஒரு நெடி அடித்தது. "இதுவா பட்டாம்பூச்சி ஆகும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

புழுவின் வேலை தின்பது, பட்டாம்பூச்சியின் வேலை பறந்து இணை சேர்வது. இரண்டுக்கும் மரபணுக்கள் ஒன்றுதான், எது எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். இளம்பருவ ஹார்மோன் போதிய அளவு இருக்கும்வரை, ஒவ்வொரு முறை தோலுரித்த பிறகும் பெரிய புழுவே வரும். கடைசிப் பருவத்தில் அது வடிந்ததும், அடுத்த தோலுரிப்பில் கூட்டுப்புழு வந்துவிடும். சிறகுக்கான செல் திட்டுகள் புழுவின் உடலுக்குள் முன்பே காத்திருக்கின்றன. கூட்டுக்குள் புழுவின் தசையும் குடலும் பெருமளவு கரைந்து புது உடலுக்குத் தீனியாகும். ஆனால் எல்லாமே கூழாகிவிடும் என்பது தவறு. நரம்பு மண்டலம் கரைந்து போவதில்லை, மாற்றியமைக்கப்படுகிறது.

சரி, எந்தப் புழு எந்தப் பட்டாம்பூச்சி என்று எப்படிச் சொல்வது? காமன் மார்மன், லைம் பட்டாம்பூச்சி இரண்டுமே கறிவேப்பிலையில் முட்டையிடும், சின்னப் புழுக்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு புழுவின் படத்தையும் அதே மரத்தருகே பறந்த பட்டாம்பூச்சியின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அது சான்று ஆகாது. ஒரே உயிரைத் தொடர வேண்டும்.

அதனால் அந்தக் கிளைக்கு வலைத்துணிப் பை கட்டி, தேதி குறித்துத் தினமும் படமெடுத்தேன். நான்காவது தோலுரிப்பில் எச்ச வேடம் போய்ப் பச்சைப் புழு வந்தது. அன்று உரித்த தோலும் புழுவும் ஒரே படத்தில் விழுந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் வேறு புழு என்றே நினைத்திருப்பேன். சங்கிலி அதிகம் அறுபடுவது இதற்கு அப்புறம்தான். தின்று முடித்த புழு கூடுகட்ட இடம் தேடி மரத்தை விட்டே நடந்துவிடும். பை இருந்ததால் அது உள்ளேயே ஒரு குச்சியில் பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டது. சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வரும், அதையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

வெளிவரும் முந்தின நாள் கூடு கறுத்து, சிறகின் நிறம் தோல் வழியே தெரிந்தது. மறுநாள் காலை, காலியான கூட்டைப் பிடித்துத் தொங்கியபடி ஈரச் சிறகை விரித்துக்கொண்டிருந்தது பட்டாம்பூச்சி. கூடும் அதுவும் சேர்ந்திருக்கும் அந்தப் படம்தான் உறுதியான சான்று.

"இது ரோஸ் பட்டாம்பூச்சியாச்சே!" என்றார் அக்கா. கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் அப்படியே காமன் ரோஸ். ஆனால் ரோஸின் உடல் சிவப்பு, இதற்குக் கறுப்பு. ரோஸ் புழு தின்பதும் ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளை, கறிவேப்பிலையை அல்ல. பறவைகள் தொடத் தயங்கும் ரோஸைப் போல வேடமிட்ட பெண் காமன் மார்மன் அது.