ஷ்ரிங்க் ராப்பைச் சாய்த்துப் பாருங்கள்

பெட்டியின் மேல் தெளிவான பிளாஸ்டிக் இறுக்கமாகச் சுற்றியிருந்தால், யாரும் பிரிக்காத பெட்டி என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். பேக்கேஜிங் தரப் பரிசோதனை என் வேலை. "சீல் பிரியாமல்தான் வந்தது, உள்ளே பொருள் குறைகிறது" என்று திரும்பி வரும் பெட்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது அந்த பிளாஸ்டிக் படலத்தைத்தான். அதற்கு ஒரு டியூப் லைட் போதும்.

வழவழப்பான பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு பரப்பும், நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். படலத்துக்கு மேல்பக்கம், உள்பக்கம் என்று இரண்டு பரப்பு. ஆக ஏறக்குறைய 8 சதவீதம். சின்ன அளவுதான். ஆனால் அடர்நிற அட்டையில் உள்ள எழுத்திலிருந்து வரும் ஒளியை அமுக்கிவிட, விளக்கின் இந்தப் பிரதிபலிப்பே போதும். ஒளி சாய்வாக விழ விழ பிரதிபலிப்பு இன்னும் கூடும். காலாவதித் தேதி தெரியவில்லை என்று பலர் இன்னும் பெரிய விளக்கைத் தேடுகிறார்கள். பளபளப்பும் சேர்ந்து பெரிதாவதுதான் மிச்சம். பொட்டலத்தைச் சற்றே சாய்த்தால் தேதி தெரிந்துவிடும்.

எங்களுக்கு அந்தப் பளபளப்பு வேண்டும். டியூப் லைட்டின் பிம்பம் படலத்தில் வெள்ளைக் கோடாக விழும்படி பெட்டியைப் பிடித்து, மெதுவாகத் திருப்புவோம். இறுக்கமான பரப்பில் கோடு நேராக வழுக்கிக்கொண்டு போகும். சுருக்கம் உள்ள இடத்தில் நெளியும் அல்லது உடையும்.

சுருக்கம் இருந்தாலே மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷ்ரிங்க் படலம் தயாராகும்போதே இழுத்து, அந்த நிலையிலேயே குளிரவைக்கப்பட்டது. சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. பெட்டியின் மூலையில் மிச்சப் படலம் அதிகம் சேர்வதால் அங்கே சின்னக் கூர்முனைகள் நிற்பது சகஜம்.

சரி, ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். திரும்பி வந்த பெட்டியையும், அதே வரிசையில் தயாராகி எங்களிடம் மாதிரியாக வைத்திருந்த பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மாதிரியில் மூன்று ஓரங்களில் மெல்லிய சீல் கோடு இருந்தது. நான்காவது ஓரத்தில் கோடே கிடையாது. படலம் அங்கே ஏற்கெனவே மடித்த நிலையில் மெஷினுக்கு வருகிறது. காற்று வெளியேற ஊசித்துளைகள் இருந்தன. புகார்ப் பெட்டியிலோ சீல் கோடு முதுகின் நடுவில், ஒருபக்கமாகக் கோணி, தடித்து ஓடியது. துளை ஒன்றுகூட இல்லை. காற்று மாட்டிக்கொண்டதால் நடுவில் படலம் லேசாக உப்பியிருந்தது. வெள்ளைக் கோடு அங்கே வளைந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒரு மூலைக்கு அருகே படலம் புகைமூட்டமாக வெளுத்திருந்தது. பெட்டியைச் சாய்த்தோம், பளபளப்பு நகர்ந்தது, வெளுப்பு நகரவில்லை. நகர்ந்தால் ஒளி, நகராவிட்டால் படலத்திலேயே கோளாறு. தொழிற்சாலையில் பெட்டி ஹீட் டனல் என்ற சூடான கூண்டு வழியே போகும்போது எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே சூடு படும். கையில் பிடிக்கும் ஹீட் கன்னில் ஒரே இடத்தில் அதிக நேரம் காட்டினால் இப்படித் திட்டாக வெளுக்கும். இதை விரலால் அட்டையோடு அழுத்திப் பார்க்காதீர்கள். மங்கிய படலம் அச்சோடு ஒட்டியிருக்கும்போது எழுத்தைத் தெளிவாகவே காட்டும், விலகினால்தான் மங்கலாக்கும். அழுத்தினால் குறை மறைந்துவிடும்.

பெட்டி மறுபடி சுற்றப்பட்டது என்று எழுதிக் கொடுத்தோம். யார் சுற்றினார்கள் என்பதைப் படலம் சொல்லாது. அதே படலமும் அதே மெஷினும் கையில் இருப்பவர் சுற்றினால் இந்தச் சோதனைகளும் தோற்கும். அச்சில்லாத வெற்றுப் படலத்தின் பலவீனமே அதுதான்.

மாத்திரை அட்டையிலும் இதே சாய்ப்பு உதவும். அங்கே குமிழ் வளைந்திருப்பதால் விளக்கு ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். சாய்த்தால் புள்ளி ஓடும். ஒருமுறை நசுங்கி நிமிர்ந்த பிவிசி குமிழில் மடிந்த இடம் வெள்ளைக் கீற்றாக நிலைத்து நிற்கும். அது அனுப்பும் வழியில் நசுங்கியதாகவும் இருக்கலாம், ஆகவே உடனே பதற வேண்டாம். அட்டையைத் திருப்பி, அந்தக் குமிழுக்கு நேரே அலுமினியத் தாள் கிழிந்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டாம், மருந்துக்கடையில் காட்டுங்கள்.

பெட்டியில் சந்தேகம் என்றால் படலத்தை வெட்டும் முன்பே படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சீல் கோட்டின் மேலேயே வெள்ளைத் திட்டு விழும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். சீல் ஓரங்களுக்கு ஒன்று, மூலைகளுக்கு ஒன்று, அப்புறம் சற்றே சாய்த்து ஒன்று. வெட்டிய படலத்தையும் புகார் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.