பேண்டில் ஏறிய பளபளப்பு

அல்சூரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு என்றால் இஸ்திரி போடும் நேரம். போன மாதம் ஒரு லினன் சட்டையைத் தேய்த்து முடித்ததும் மகனின் கருநீலப் பள்ளி பேண்டை எடுத்து விரித்தேன். டயலைக் குறைத்துவிட்டுத்தான் தேய்த்தேன், ஆனால் பெட்டி ஆறும்வரை காத்திருக்கவில்லை. காலை வெளிச்சத்தில் பார்த்தால் பின்பாக்கெட்டின் ஓரங்கள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. பாக்கெட்டின் வடிவம் அப்படியே வெளியே அச்சாகியிருந்தது.

உள்ளே இருந்த துணிப்பட்டையில் பாலியெஸ்டர் 65%, விஸ்கோஸ் 35% என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி படம், அதற்குள் இரண்டு புள்ளி. ஒரு புள்ளி என்றால் அடித்தட்டு சுமார் 110 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பருத்திக்கும் லினனுக்கும் மூன்று புள்ளி தாங்கும். பாலியெஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு. கலப்புத் துணியில் எந்த நூல் சூட்டுக்குப் பலவீனமோ, அதன் கணக்குதான் மொத்தத் துணிக்கும்.

இந்த வித்தியாசம் நூலின் உடம்பிலேயே இருக்கிறது. பருத்தியும் லினனும் செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கும். துணி கசங்கும்போது அந்தப் பிடி கசங்கின நிலையிலேயே இறுகிவிடுகிறது. நீராவி உள்ளே புகுந்து பிடியைத் தளர்த்தும், பெட்டி நூலை நேராக்கும், சூடு ஈரத்தை வெளியேற்றியதும் பிடி புதிய இடத்தில் இறுகும். லினன் நூல் விறைப்பானது, அதனால் அதற்கு ஈரமும் சூடும் இரண்டுமே கூடுதலாக வேண்டும். காய்ந்த லினனோடு மல்லுக்கட்டுவதைவிட, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிடுவது நல்லது. செல்லுலோஸ் உருகாது. சூடு மிஞ்சினால் முதலில் பழுப்பேறும், அப்புறம் கருகும்.

பாலியெஸ்டர் ஒரு பிளாஸ்டிக். உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும். இளகிய நூலின் மேல் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியும் நம் கை அழுத்தமும் சேர்ந்தால், உருண்டையான இழையின் மேல்பக்கம் தட்டையாகிவிடும். உருண்டை இழைகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். தட்டையானவை சின்னச் சின்னக் கண்ணாடி மாதிரி ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். அதுதான் பளபளப்பு. கருநீலத்திலும் கறுப்பிலும் மற்ற வெளிச்சம் குறைவு என்பதால் அது உடனே கண்ணில் படுகிறது. பாக்கெட் ஓரத்தில் வந்ததற்கும் காரணம் உண்டு. அங்கே துணி மடிந்து தடித்திருக்கிறது, மொத்த எடையும் அந்த மேட்டின் மேலேயே இறங்குகிறது.

டயலைக் குறைத்தும் ஏன் இப்படி ஆனது? டயல் சூட்டைக் குறைக்காது, மின்சாரத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று இருக்கிறது. சூடேறும்போது அது வளைந்து, டிக் என்று இணைப்பைத் துண்டிக்கும். அப்புறம் கனமான அடித்தட்டு தானாகத்தான் ஆற வேண்டும். சூடேற ஒன்றிரண்டு நிமிடம் போதும், ஆறுவதற்கு அதைவிட நிறைய நேரம் பிடிக்கும். எங்கள் தெருமுனையில் கரிப்பெட்டியோடு தள்ளுவண்டியில் தேய்க்கும் அண்ணனிடம் டயலே கிடையாது. அவர் அடித்தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சொட்டு பரவிச் சீறி மறைந்தால் மிதமான சூடு. உருண்டு ஓடினால், அடியில் உண்டான ஆவி அதைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்குச் சூடு அதிகம். அந்த நிலையில் அவர் பாலியெஸ்டரைத் தொடமாட்டார்.

அதற்காக ஒரேயடியாக ஒரு புள்ளியில் வைத்து நீராவியைத் திறப்பதும் சரிவராது. பெரும்பாலான பெட்டிகளில் அந்தச் சூட்டில் தண்ணீர் முழுதாக ஆவியாகாமல் துளை வழியே சொட்டிக் கறை விடும். ஒரு புள்ளியில் தேய்ப்பதானால் நீராவியை மூடிவிட்டு, ஈரத்துணியை மேலே போட்டுத் தேய்க்கலாம்.

பேண்டைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். ஈரமான பருத்தித் துணியை ஓரங்களின் மேல் விரித்து, இரண்டு புள்ளியில் பெட்டியை அழுத்தாமல், மேலே படும்படி மட்டும் வைத்து ஆவி விட்டேன். துணியை எடுத்ததும், சூடு ஆறுவதற்குள் மென்மையான பிரஷ்ஷால் நூல் எழும்பும்படி தேய்த்தேன். வெறுமனே நசுங்கியிருந்த இழைகள், முக்கியமாகப் பருத்தியைப் போலவே செல்லுலோஸான விஸ்கோஸ், ஈரத்தில் உப்பி எழுந்தன. மூன்று ஓரங்களில் மினுமினுப்பு ஏறக்குறைய போய்விட்டது. கீழ்மூலையில் போகவில்லை. அங்கே விரல் நுனியால் தடவினால் வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருந்தது. இழைகள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, இனி அதைப் பிரிக்க வழியில்லை.

இப்போது பேண்ட்தான் முதலில், அதுவும் உள்பக்கம் வெளியே திருப்பி. பாக்கெட் பையின் மேல் பெட்டியை ஓட்டாமல், பையை ஒதுக்கிவிட்டுத்தான் தேய்க்கிறேன். லினன் சட்டை கடைசியில், டயலை மூன்று புள்ளிக்கு ஏற்றிய பிறகு.